இடைச்செருகலைக் கண்டுபிடிக்கும்போது செய்யக்கூடாத பிழைகள்

சபையில் திரௌபதியின் சேலையைத் துச்சாதனன் உருவுகிறான். அவள் கண்ணனை அழைக்கிறாள், சேலை வளர்கிறது. நாம் அறிந்த கதை இதுதான். புனேயிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டு 1966-இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பில் இந்த இடத்தைத் தேடினால், சேலை வளர்வது மட்டும் இருக்கும். கண்ணனை நோக்கிய வேண்டுதல் மூலப்பாடத்தில் இருக்காது. சபா பர்வத்தைப் பதிப்பித்த எட்ஜர்டன், சுவடிகளில் அந்தப் பகுதி ஒரே சீராகக் கிடைக்காததால் அதைப் பக்கத்தின் அடிக்குறிப்புக்கு இறக்கிவிட்டார்.

இதைப் பார்த்ததும் “கண்ணன் வந்ததே பொய், பின்னால் யாரோ சேர்த்தது” என்று எழுதிவிடுகிறார்கள். முதல் பிழை இதுதான். சுவடிகள் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: இன்றிருக்கும் படிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்த பொதுவான பாடம் எது? கதை முதன்முதலில் எப்படிச் சொல்லப்பட்டது என்பது வேறு கேள்வி. அதற்குச் சுவடிகளில் விடை கிடையாது. ஆதி பர்வத்தைப் பதிப்பித்த சுக்தங்கரே, தாம் தருவது வியாசரின் மூலம் அல்ல, சுவடிகளைக் கொண்டு எட்டக்கூடிய மிகப் பழைய வடிவம் என்று தெளிவாகச் சொன்னவர்.

மற்றொரு பிழை, பழைய ஓலையில் பழைய பாடம்தான் இருக்கும் என்று நம்புவது. படி எடுத்த ஆண்டைவிட, அந்தப் படி எந்த வழியில் வந்தது என்பதே முக்கியம். காஷ்மீரத்துச் சாரதா எழுத்துச் சுவடியும் கேரளத்து மலையாளச் சுவடியும் நாட்டின் இரு கோடிகளில் எழுதப்பட்டவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுத வாய்ப்பு மிகக் குறைவு. இடையிலுள்ள படிகளில் இருக்கும் ஒரு பகுதி இந்த இரண்டிலும் இல்லையென்றால், அது நடுவில் நுழைந்தது என்று சந்தேகிக்கலாம். வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதை செம்பதிப்பின் பின்னிணைப்பான பிற்சேர்க்கைப் பகுதிக்குப் போனதும் சுவடிச் சான்றால்தான். தென்னாட்டுச் சுவடிகளில் அது இல்லை என்பதைச் சமஸ்கிருத அறிஞர் விண்டர்னிட்ஸ் 1898-லேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

எல்லாச் சுவடிகளிலும் இருப்பதாலேயே ஒரு பகுதி ஆதியிலிருந்து வந்தது என்று கொள்வதும் தவறு. எழுதிவைக்கப்படுவதற்கு முன்பே, வாய்மொழியாக வழங்கிய காலத்தில் நுழைந்தவை எல்லாப் படிகளிலும் இருக்கத்தான் செய்யும். இராமாயணத்தின் உத்தர காண்டம் அதன் செம்பதிப்பில் முழுதாக இருக்கிறது. ஆனாலும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதைப் பிந்திய அடுக்கு என்றே கருதுகிறார்கள். இங்கே சுவடி உதவாது, தையலைத் தேட வேண்டும். கதையை நிறுத்தி ஒருவர் “அது எப்படி நடந்தது, விரிவாகச் சொல்லுங்கள்” என்று கேட்பது ஒரு தையல். கிளைக்கதை முடிந்ததும் “இதைக் கேட்டவர்க்கு இன்ன பலன்” என்று வருவது இன்னொன்று. விட்ட இடத்தின் வரியையே மறுபடி சொல்லிக் கதையைத் தொடர்வது மூன்றாவது. மகாபாரதத்தில் பாண்டவர்களின் வனவாசத்தில் முனிவர்கள் வந்து கதை சொல்லிக்கொண்டே இருப்பதும் இதனால்தான்: பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பில் நளன் கதையும் சாவித்திரி கதையும் தாராளமாக உட்கார இடம் இருக்கிறது. ஆனால் தையல் காட்டுவது ஒட்டு இருப்பதை மட்டுமே. நளன் கதை, தான் சேர்ந்த இடத்தைவிடப் பழையதாகவும் இருக்கலாம்.

கடைசியாக, முரண்பாட்டைக் கண்டவுடன் கத்தியை எடுப்பது. திரௌபதிக்கே திரும்புவோம். வன பர்வத்தில் கண்ணன், தான் சால்வனோடு போரிடப் போயிருந்ததாகவும், திரும்பி வந்தபின் சாத்யகி எனப்படும் யுயுதானன் சொல்லியே சூதாட்டச் செய்தியை அறிந்ததாகவும் தருமனிடம் சொல்கிறான். உத்தியோக பர்வத்திலோ சஞ்சயனிடம், தொலைவில் இருந்த தன்னைத் திரௌபதி “கோவிந்தா” என்று கதறி அழைத்தாளே, அந்தக் கடன் வளர்ந்துகொண்டே போகிறது, நெஞ்சை விட்டு நீங்கவில்லை என்கிறான். இரண்டுமே செம்பதிப்பின் மூலப்பாடத்தில் உள்ளவை. ஆக, அவள் அழைத்தாள் என்ற நினைவு அந்தப் பாடத்திலேயே இருக்கிறது. அழைப்பைக் கேட்டு அவன் சேலை கொடுத்தான் என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பின்வந்தோர் வேண்டுதலை எழுதினார்கள் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சபா பர்வத்தில் இருந்த அழைப்பு ஒரு கட்டத்தில் விடுபட்டுப் போனது என்று வாதிடவும் இடமுண்டு. சுவடிக் கணக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தராது.

செம்பதிப்பைத் திறப்பவர்கள் மேலே உள்ள சுலோகத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒதுக்கப்பட்ட வரிகள் நட்சத்திரக் குறியோடு அதே பக்கத்தின் அடியில் இருக்கின்றன, நீளமானவை பிற்சேர்க்கையில். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தெந்தச் சுவடிகளில் அது இருக்கிறது என்பது குறியெழுத்துகளால் தரப்பட்டிருக்கும். தெலுங்கு, கிரந்தம், மலையாளம் ஆகிய எழுத்துச் சுவடிகளில் மட்டும் ஒரு வரி இருந்தால் அது பெரும்பாலும் தென்னாட்டுச் சேர்க்கை. வடக்கிலும் தெற்கிலும் சிதறிக் கிடந்தால், தீர்ப்புச் சொல்லுமுன் அந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும்.