ஓசிப் புடவைக்கும் "விளம்பரம்" போடணும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு ரீல்ஸ் எடுத்துக் கொடுப்பவள் நான். போன மாதம் ஒரு கடையில் 45 வினாடி ரீல் கேட்டார்கள். காசு கிடையாது, ஒரு புடவை மட்டும். "காசே வாங்கல, எதுக்குக்கா விளம்பரம்னு போடணும்?" என்றார் கடைத் தம்பி.

போட்டே ஆகணும். பணமோ பொருளோ, வாங்கினால் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்திய விளம்பரத் தரக் குழுவின் விதி. 15 வினாடிக்குள் முடியும் வீடியோ என்றால் "விளம்பரம்" என்ற சொல் குறைந்தது 3 வினாடி திரையில் தெரிய வேண்டும். அதற்கு மேல் 2 நிமிடம் வரை, மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் ரீலுக்கு 15 வினாடி. கீழே ஹேஷ்டேக் கும்பலில் ஒளித்து வைப்பது செல்லாது. தமிழ் வீடியோவுக்குத் தமிழிலேயே போடலாம்.

அடுத்து வந்தது வசனம். "பக்கத்துக் கடைத் துணி ஒரே துவையல்ல சாயம் போயிடும்." இதை வெட்டிவிட்டேன், அடுத்தவரை மட்டம் தட்டுவது ஒப்பீடு ஆகாது. "தி.நகரை விட பாதி விலை" என்பதும் அப்படியே நிற்காது. எந்தக் கடை, எந்தப் புடவை? அதே ரகம், அதே நாள் விலை, கையில் பில் இருந்தால்தான் சொல்லலாம். பில் இல்லை. கடைசியில் "இந்தச் சுங்கடி 650 ரூபாய்" என்று மட்டும் சொன்னோம்.