பிறப்புச் சான்றிதழில் பிழையா? அது எங்கே நுழைந்தது என்று முதலில் பாருங்கள்

சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே உட்கார்ந்து சரிபாருங்கள். குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் திருத்துவதற்கும், பள்ளி, கடவுச்சீட்டு என்று அதே பிழை நாலு இடம் பரவிய பிறகு திருத்துவதற்கும் அலைச்சலில் பெரிய வித்தியாசம் உண்டு.

1. எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

பெயரை ஒரே பார்வையில் படித்தால் கண் தானே பிழையைத் திருத்திக்கொள்ளும். அதனால் பெற்றோரின் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். சான்றிதழ் இரண்டு மொழிகளில் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் சரியாகவும் மற்றதில் தப்பாகவும் இருக்கலாம். தேதியில், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா, பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் பதிவு செய்த தேதி விழுந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

2. பிழையின் ஊற்றைக் கண்டுபிடியுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். சான்றிதழ் என்பது பதிவேட்டின் நகல். அந்தப் பதிவேடோ, பெரும்பாலும் மருத்துவமனை அனுப்பிய தகவல் படிவத்தைப் பார்த்து எழுதப்பட்டது.

ஓர் உதாரணம்: குழந்தை ஆகஸ்ட் 4 இரவு 11.50-க்குப் பிறந்தது. சான்றிதழில் ஆகஸ்ட் 5 என்று இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் 4 என்றிருந்தால், அச்சிடும்போது நேர்ந்த தவறு. புதுச் சான்றிதழ் கேட்டாலே போதும். பதிவேட்டிலும் 5 என்றிருந்தால், தகவல் படிவத்தைக் கேளுங்கள். படிவத்தில் 4 இருந்தால் பதிவேட்டில் ஏற்றியவரின் கைப்பிழை. அந்தப் படிவமே சான்று. படிவத்திலும் 5 என்றால் தவறு மருத்துவமனையில் தொடங்கியிருக்கிறது. பிரசவ அறைப் பதிவேட்டைப் பார்த்து, சரியான தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு அவர்கள் தரும் கடிதம் தேவைப்படும்.

3. விண்ணப்பத்தை எழுதுங்கள்

பதிவு எண், பதிவு தேதி, பிறந்த இடம் மூன்றையும் மேலே குறிப்பிடுங்கள். பிறகு "இப்போது உள்ளது", "இருக்க வேண்டியது" என்று இரண்டு பத்தி போட்டு, தவறை அச்சில் உள்ளபடியே எழுதுங்கள். பிழை எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வரி போதும். ஒன்றுக்கு மேற்பட்ட பிழை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

4. சான்றுகளை இணையுங்கள்

பிறந்த காலத்தை ஒட்டிய ஆவணம்தான் வலுவானது: மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், முதல் தடுப்பூசி அட்டை. விடுவிப்புச் சுருக்கத்தில் சேர்ந்த நாள், பிரசவ நாள், வீடு திரும்பிய நாள் என மூன்று தேதிகள் இருக்கும்; பிரசவ நாளை மட்டும் கோடிட்டுக் காட்டுங்கள். பள்ளிச் சான்றிதழ் இதே பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் அதைத் தனிச் சான்றாக ஏற்பது கடினம். பெற்றோர் பெயரில் பிழை என்றால், குழந்தை பிறப்பதற்கு முன்பே அவர்கள் பெற்ற ஆவணத்தைக் கொடுங்கள். பல இடங்களில் உறுதிமொழிப் பத்திரமும் பழைய சான்றிதழின் அசலும் கேட்பார்கள். ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

பிடிக்காத பெயரை மாற்றுவது இந்த விண்ணப்பத்தில் அடங்காது. அது பெயர் மாற்றம், அதற்கு நடைமுறை வேறு.

5. புதுச் சான்றிதழையும் அங்கேயே படியுங்கள்

பல நாடுகளில் பதிவேட்டின் பழைய வரியை அழிக்கமாட்டார்கள். ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடுவார்கள். புதுச் சான்றிதழில் அந்தக் குறிப்பு தெரிந்தால் பதற வேண்டாம். திருத்தும்போது வேறோர் எழுத்து பிசகியிருக்கலாம் என்பதால், கவுண்டரை விட்டு நகரும் முன் முதல் படியை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.