வாயால் சொன்னது முழுவதும் திரையில் வந்ததா? குரல் தட்டச்சுச் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாள் மாலை, கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்ஸில் யன்னலோரமாக இருந்தபடி, சாம்பல்தீவில் இருக்கும் அத்தானுக்கு ஒரு வட்ஸ்அப் செய்தியைக் குரல் தட்டச்சில் அனுப்பினேன். நான் வாயால் சொன்னது இதுதான்:

“அத்தான், சுகமா இருக்கிறீங்களா? நாளைக்குக் காலமை அம்மாவுக்குக் கிளினிக் இருக்கு. ஏழு மணிக்கு முதல் போய் நம்பர் எடுக்கவேணும். எனக்கு நாளைக்கு வேலை இருக்கு. லீவு எடுக்க ஏலாது. நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவீங்களா? கிளினிக் கொப்பி மேசை லாச்சிக்குள்ள இருக்கு. இரத்தம் எடுக்கிறதாலே காலமைச் சாப்பாடு குடுக்கவேண்டாம்.”

அத்தானுக்குப் போய்ச் சேர்ந்தது இது:

“அத்தான் சுகமா இருக்கிறீங்களா நாளைக்கு காலமை அம்மாவுக்கு கிளினிக் இருக்கு ஏழு மணிக்கு முதல் போய் நம்பர் எடுக்கவேணும் எனக்கு நாளைக்கு வேலை இருக்கு கிளினிக் கொப்பி மேசை லாச்சிக்குள்ள இருக்கு இரத்தம் எடுக்கிறதாலே காலமை சாப்பாடு”

“சரி தம்பி” என்று பதில் வந்தது. அதைப் பார்த்து நான் நிம்மதியாகத் தூங்கி, அதிகாலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிட்டேன். வேலைக்குப் போகும் வழியில் நானே நம்பரை எடுத்துக் கொடுத்துவிடுவேன் என்றும், தான் பிறகு வந்து மாமியுடன் கூட இருந்தால் போதும் என்றும் அத்தான் விளங்கிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வந்தவர், செய்தியின் கடைசியில் இருந்த “காலமை சாப்பாடு” என்பதையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, அக்கா அவித்த இடியப்பத்தைக் கொண்டுவந்திருந்தார். இரத்தப் பரிசோதனை பற்றி நான் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை; அவர் பசியில் சாப்பிட்டுவிட்டார். அன்று நம்பரும் கிடைக்கவில்லை, இரத்தமும் எடுக்க முடியவில்லை. அத்தான் மீது ஒரு பிழையும் இல்லை. அவருக்குக் கிடைத்த சொற்களிலிருந்து யாரும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருப்பார்கள். அனுப்புவதற்கு முன் வாசிக்காதது என் பிழை.

அதற்குப் பிறகு அந்தச் செய்தியைப் பல தடவை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு இடங்களில் இழப்பு நேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே வகையானவை அல்ல.

கடைசியில் நேர்ந்தது வால் அறுந்த இழப்பு. “காலமை சாப்பாடு” என்பதற்குப் பிறகு வினைச்சொல் இல்லை. தமிழ் வாக்கியத்தில் செய் என்பதும், செய்யாதே என்பதும், செய்வீர்களா என்பதும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலேயே வெளிப்படுகின்றன. ஆகவே வாக்கியத்தின் வால் அறுந்தால் போவது ஏதோ ஒரு சொல் அன்று. கேட்டது என்ன என்பதே போய்விடுகிறது. “குடுக்கவேண்டாம்” என்ற ஒரு சொல் விழுந்ததும், எஞ்சிய சொற்கள் சாப்பாடு கொடுக்கச் சொல்வது போலவே நிற்கின்றன. மருந்து, சாப்பாடு, பணம் பற்றிய செய்திகளில் இதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

நடுவில் நேர்ந்ததோ முழு வாக்கியங்கள் விழுந்த இழப்பு. “லீவு எடுக்க ஏலாது” என்பதும் “நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவீங்களா” என்பதும் அடியோடு இல்லை. ஆனால் அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவை முழுமையான வாக்கியங்கள் என்பதால், எங்கும் ஓட்டை தெரியவில்லை. பார்வைக்குச் செய்தி நன்றாகத்தான் இருக்கிறது; கோரிக்கை மட்டும் அதில் இல்லை.

இந்த இழப்புகள் ஏன் நேர்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எப்போது கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்பதும் தெரியும். குரல் தட்டச்சில் நாம் பேசும் ஒலி, பல போன்களில், இணையத்தின் வழியே வெளியே போய் எழுத்தாகித் திரும்புகிறது. ஓடும் பஸ்ஸில் சிக்னல் சில விநாடிகள் நலிந்தாலே அந்த நேரத்தில் சொன்னவை திரும்பி வராமல் போகலாம். என் செய்தியின் நடுப்பகுதி அப்படித்தான் போயிருக்கவேண்டும். இன்னொரு காரணம் மௌனம். நாம் யோசிப்பதற்காகச் சற்று நிறுத்தினால், பேச்சு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மைக் தானாகவே நின்றுவிடும். நாமோ அதைக் கவனிக்காமல் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்போம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடற்கரை வீதியில் நின்று பேசினால், காற்றின் இரைச்சலில் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே போனுக்குப் பிடிபடுவதில்லை. மூன்றாவது காரணம் நம் அவசரம். பேசும்போது திரையில் வரும் சொற்கள் உடனே உறுதியாவதில்லை. ஒரு கணம் தற்காலிகமாக நின்று, மாறி, பிறகுதான் நிலைக்கின்றன. கடைசிச் சொல் வாயை விட்டுப் போன அதே வேகத்தில் அனுப்பும் பொத்தானை அழுத்துபவரின் கடைசிச் சொல் பெரும்பாலும் போய்ச் சேராது. மைக் அடையாளம் அணையும் வரை ஒன்றிரண்டு விநாடி பொறுப்பது அவசியம்.

முதல் சொற்களும் இதே போல விழுவதுண்டு. மைக்கைத் தொட்டவுடனேயே பேசத் தொடங்கினால், அது விழித்துக்கொள்வதற்கு முன் சொன்னவை பதிவாவதில்லை. பெரும்பாலும் “அத்தான்”, “அக்கா” என்ற விளிதான் அப்படிப் போகும் என்பதால் நட்டம் சிறிது. இதைவிடப் பெரிய நட்டம், வந்த எழுத்தில் ஒரு பகுதியை விரலால் அழுத்தித் தெரிவு செய்துவிட்டு, அது தெரிவாகி இருப்பதைக் கவனிக்காமல் மறுபடி பேசுவதால் வருகிறது. புதிதாகச் சொன்னது, தெரிவான பகுதியை அழித்துவிட்டு அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

வாசித்துவிட்டுத்தான் அனுப்பினேன் என்று சொல்பவர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள். சற்று முன் தாமே பேசிய வார்த்தைகள் காதில் இன்னும் இருப்பதால், கண் திரையில் ஓடும்போது மனம் விடுபட்டவற்றை நிரப்பிக்கொண்டே போகிறது. அதோடு, நீண்ட செய்தி எழுதும் பெட்டியில் சில வரிகளே தெரியும். மற்றவை மேலே போய் மறைந்திருக்கும். விரலால் தள்ளி மேலே போகாதவர் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்.

ஆகவே மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதை வாசிப்பாக நான் இப்போது கணக்கெடுப்பதில்லை. நான் செய்வது வேறு. பேசத் தொடங்குவதற்கு முன்பே, இந்தச் செய்தியில் எத்தனை விஷயங்களைச் சொல்லப்போகிறேன் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்கிறேன். அம்மாவின் செய்தியை இப்போது அனுப்புவதாக இருந்தால் ஐந்து விரல் மடக்குவேன்: கிளினிக் நாளை, ஏழுக்கு முன் நம்பர், என்னால் வர முடியாது ஆகவே அவர் கூட்டிக்கொண்டு போகவேண்டும், கொப்பி இருக்கும் இடம், சாப்பாடு கூடாது. பேசி முடித்து மைக் அணைந்த பிறகு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வாக்கியமாகப் பார்த்து விரல்களை விரிப்பேன். கீழிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு: பேசிய வரிசை குலைவதால் காதில் இருக்கும் குரல் துணைக்கு வராது, கண்ணால் கண்டதை மட்டுமே நம்பவேண்டியிருக்கும். ஒரு விரல் மடங்கியபடியே நின்றால் ஒரு வாக்கியம் விழுந்திருக்கிறது. நடுவில் முழுதாக விழுந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படிப் பார்க்கும்போதே ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கையால் ஒரு புள்ளியோ கேள்விக்குறியோ இடுகிறேன். குரல் தட்டச்சில் எனக்கு வரும் தமிழ் நிறுத்தக்குறி இல்லாமல் ஒரே கயிறாகத்தான் வருகிறது. புள்ளி எங்கே வைப்பது என்று தேடும்போது, வைக்க முடியாத இடம் தானாகவே அகப்பட்டுவிடும். “கொப்பியை” என்று ஐ உருபோடு ஒரு சொல் நின்றால் அது ஒரு வினைக்காகக் காத்திருக்கிறது. “கூட்டிக்கொண்டு போக” என்று நின்றால் முடியுமா, முடியாதா, வேண்டுமா என்பது இன்னும் வரவில்லை. “அம்மாவுக்கு”, “எண்டு”, “எடுத்தாலும்” ஆகியவையும் அப்படியே. இவற்றுக்குப் பின்னால் புள்ளி வைக்க மனம் ஒப்பாது. அந்த இடத்தில்தான் வால் அறுந்திருக்கிறது.

எங்கள் பேச்சுவழக்கும் ஒரு சிக்கலைத் தருகிறது. “ஏலாது”, “ஏலுமா” என்று சொன்னவை என் போனில் பல தடவை “ஏழாவது” என்றும் “ஏழு மா” என்றும் வந்திருக்கின்றன. கோரிக்கையைத் தாங்கும் சொல்லே இப்படி மாறுவதால், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் “முடியாது”, “முடியுமா” என்று சொல்லப் பழகியிருக்கிறேன். மற்றபடி நம் பேச்சை மாற்றவேண்டிய தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கோரிக்கையை வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சுகம் விசாரித்து, காரணம் சொல்லி, கடைசியில் உதவி கேட்பதுதான் நம் வழக்கம். நேரில் அதுவே மரியாதை. ஆனால் குரல் தட்டச்சில் அதிகம் அறுபடுவது கடைசிப் பகுதிதான். வாக்கியத்தின் கடைசியில் வினை, செய்தியின் கடைசியில் கோரிக்கை என்று இரண்டும் ஒரே ஆபத்தான இடத்தில் போய் நிற்கின்றன. விளித்தவுடனே “ஒரு உதவி கேக்கவேணும்” என்று தொடங்கி, கேட்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு காரணத்தையும் சுகத்தையும் சொன்னால், வால் அறுந்தாலும் கேட்டது போய்ச் சேரும். பெரியவர்களுக்கு அனுப்பும்போது அந்த “ஒரு உதவி” என்ற தொடக்கமே மரியாதையைக் காத்துவிடுகிறது.

அனுப்பிய பிறகு குறையைக் கண்டால், வட்ஸ்அப்பில் 15 நிமிடங்களுக்குள் அதே செய்தியைத் திருத்தலாம். ஆனால் திருத்தியதற்குத் தனி அறிவிப்பு ஒலிக்காது. முதல் வடிவத்தை வாசித்து போனை மேசையில் வைத்துவிட்டவர், திருத்தத்தைக் காணாமலேயே இருக்கலாம். விடுபட்டது கோரிக்கை என்றால், திருத்துவதோடு நிற்காமல் அதைப் புதிய செய்தியாகவே அனுப்புவது பாதுகாப்பு.

“சரி” என்ற பதிலையும் நான் இப்போது ஏற்பதில்லை. பாதி வந்த செய்திக்கும் முழுதாக வந்த செய்திக்கும் அந்தச் சொல் ஒரே மாதிரிப் பொருந்திவிடுகிறது. அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு அத்தானிடம் உதவி கேட்டபோது, செய்தியின் முடிவில் “எத்தனை மணிக்கு வருவீங்கள்?” என்ற கேள்வியையும் சேர்த்தேன். “ஆறரைக்கு வாசல்ல நிப்பன், மாமியைச் சாப்பிடாமல் இருக்கச் சொல்லு” என்று பதில் வந்தது.