ஊர் கிரிக்கெட் கிளப் மாக்குமெண்டரி: மௌனத்தை வீணடிக்காமல் எழுதுவது எப்படி?

பல்லடம், காங்கயம், கோபி பக்கத்துப் பையன்கள் குறும்பட ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு, ‘ஒருக்கா படிச்சுப் பாருங்ணா’ என்று அனுப்புவார்கள். சமீபகாலமாக அதில் மாக்குமெண்டரி நிறைய வருகிறது. நடக்காத கதையை ஆவணப்படம் போலவே, முகத்தில் சிரிப்பே இல்லாமல் எடுக்கும் வகை. அதிலும் ஊர் கிரிக்கெட் கிளப்தான் பலருக்கும் பிடித்த களம். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து டோர்னமெண்ட், பனியன் கம்பெனி கொடுத்த ஜெர்சி, பதினொரு பேர் டீமுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர். எழுத ஆள் வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் வருகிற ஸ்கிரிப்ட்களில் அதே தவறுகள். எழுத்துப்பிழை, பக்க அமைப்பு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் யாராவது திருத்திவிடுவார்கள்.

கேமரா யாருடையது என்று முடிவு செய்யாதது

சாதாரணப் படத்தில் கேமரா இருப்பது கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. இங்கே தெரியும். அப்படியானால் யார் எடுக்கிறார்கள், எதற்கு, யார் காசு கொடுக்கிறார்கள்? உதாரணத்துக்கு, கிளப்பின் வெள்ளி விழாவுக்காகத் தலைவர் ஒரு கல்யாண வீடியோகிராபரை அமர்த்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே பாதி கதை தானாக வந்துவிடும். காசு கொடுத்த தலைவர் கேமராவைக் கண்டால் நிமிர்ந்து நிற்பார். அவரோடு மனஸ்தாபத்தில் இருக்கும் செயலாளர், ‘இது தலைவர் பார்க்கப் போற வீடியோ’ என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு வார்த்தையும் பேசுவார்.

இதை முடிவு செய்யாத ஸ்கிரிப்டை ஒரே பக்கத்தில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேர் ரகசியம் பேசுவார்கள். கேமரா இவர் முகம், அவர் முகம், மறுபடி இவர் முகம் என்று சினிமா மாதிரி மாறி மாறிக் காட்டும். ஒற்றைக் கேமராக்காரர் எப்படி ஒரே நொடியில் இரண்டு பக்கமும் நின்றார்? பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை போய்விடும். அந்த ரகசியத்தைத் தூரத்தில் இருந்து, பைக் வரிசைக்குப் பின்னால் நின்று, பாதி கேட்காத மாதிரி எடுங்கள். லேப்பல் மைக்கைக் கழற்ற மறந்தவர் பேசினால் இன்னும் நல்லது.

எல்லாரும் காமெடியன்

ஒருவர்கூட இருக்கக் கூடாது.

(மௌனம்) என்று எழுதிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போவது

எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இது. எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவதும் இதில்தான். இந்த வகைப் படத்தில் சிரிப்பு வருவது வசனத்தில் அல்ல, வசனம் முடிந்த பிறகு. அந்த இடத்தை ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டால் ஷூட்டிங்கில் யாருக்கும் செய்ய எதுவும் இருக்காது.

காங்கயம் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் எடுத்த காட்சியைச் சொல்கிறேன். ஊரில் வசூல் செய்து பிட்ச்சுக்குத் தென்னை நார் மேட் வாங்கியிருக்கிறார்கள். அந்த மேட் எங்கே என்று செயலாளரிடம் கேட்கிறார் வீடியோகிராபர். அவர்கள் எழுதியிருந்தது இப்படி:

கேள்வி: மேட் எங்கேங்க?
செயலாளர்: பத்திரமா இருக்குதுங்க.
(மௌனம்)
செயலாளர்: அட, கொப்பரைக்கும் பெட் வேணுமில்லீங்களா!

கேமரா திரும்பிக் காயும் கொப்பரையைக் காட்டும், டொய்ங் என்று ஒரு இசை. செயலாளர் தன் குட்டைத் தானே உடைத்துவிட்டார். பார்ப்பவருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அதைவிடக் கொடுமை, ஷூட்டிங்கில் நடந்தது. நடிகர் ‘பத்திரமா இருக்குதுங்க’ என்று முடித்ததும் இயக்குநர் ‘கட்’ சொல்லிவிட்டார். மௌனத்தை எடிட்டிங்கில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

மௌனத்தை எடிட்டிங்கில் போட முடியாது. ஷாட்டில் வசனத்துக்குப் பிறகு அரை நொடிதான் இருந்தது. அதை மெதுவாக ஓடவிட்டு நீட்டினார்கள். செயலாளரின் முகம் பரவாயில்லை, ஆனால் பின்னால் பறந்த காக்கா அந்தரத்தில் நீந்தியது. சரி, ஒலியை மட்டும் அறுத்துவிடலாம் என்றால், சத்தம் சுத்தமாக நின்றதும் பார்த்தவர்கள் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தார்கள். அந்த இடத்தின் சத்தம், அதாவது சவுண்ட் ஆட்கள் சொல்லும் ரூம் டோன், தனியாகப் பதிவாகவில்லை. கடைசியில் இசையைப் போட்டு மூடினார்கள். திரும்ப எடுக்கலாம் என்று போனால் கொப்பரை விற்றுக் களம் காலியாக இருந்தது. களத்தை மறுபடி நிரப்ப யாரிடம் காசு இருக்கிறது?

அதே காட்சியை நான் இப்படி எழுதச் சொல்வேன்:

களம். பகல். செயலாளர் பிளாஸ்டிக் சேரில். அவருக்குப் பின்னால் ஒரே நேர்கோட்டில், நீளமாக, கொப்பரை காய்கிறது.
கேள்வி (குரல் மட்டும்): மேட் எங்கேங்க?
செயலாளர்: பத்திரமா இருக்குதுங்க.
கேள்வி கேட்டவர் பேசவில்லை. கேமரா அசையவில்லை.
பின்னால் ஓர் அம்மா வந்து கொப்பரையைப் புரட்டுகிறார். அடியில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிகிறது. கிரீஸ் கோடு.
செயலாளருக்குச் சத்தம் கேட்கிறது. திரும்பவில்லை. சட்டைப் பையில் இருக்கும் பேனாவைச் சரி செய்கிறார்.
செயலாளர்: எல்லாம் கணக்கு நோட்டுல இருக்குதுங்க.
அம்மா: ஏனுங்க, ஞாயித்துக்கெழம மேட்ச்சு இருக்குதுங்களா? இருந்தா இன்னிக்கே அள்ளோணும்.
செயலாளர் கேமராவைப் பார்க்கிறார்.
செயலாளர் (திரும்பாமல்): இல்லீங்க.

இதில் மௌனம் என்ற வார்த்தையே இல்லை. ஆனால் நடிகருக்கு வேலை இருக்கிறது: திரும்பாமல் இருப்பது. பின்னால் இருப்பவருக்கு வேலை இருக்கிறது. கேமராக்காரருக்கு, அசையக் கூடாது என்ற வேலை. பார்ப்பவர் 22 கெஜ நீளக் கொப்பரையை முதலில் சாதாரணமாகப் பார்ப்பார், வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் தானே கணக்குப் போடுவார். செயலாளர் மாட்டிக்கொண்டது அவருக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் அவர் எப்போது உடைவார் என்ற காத்திருப்பு. அவர் உடையவே இல்லை. எழுத்தில் வேறு எந்த விளக்கமும் தேவையில்லை.

இன்னொன்று. மௌனத்தைக் கலைப்பது யார் என்பதை எழுதும்போதே முடிவு செய்ய வேண்டும். கேள்வி கேட்டவர் கலைத்தால் அது விசாரணை, சிரிப்பு செத்துவிடும். பொய் சொன்னவரே தாங்க முடியாமல் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நோட்டைப் பற்றி யார் கேட்டார்கள்?

ஸ்கிரிப்டை உட்கார்ந்து வாசிக்கும்போது வசனத்தை மட்டும் வாசிக்கிறார்கள். அதனால்தான் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற பொதுக்கணக்கு இந்த வகையில் பொய்த்துப் போகிறது. செயல் வரிகளையும் ஒருவர் சத்தமாக, நிதானமாக வாசிக்கட்டும், கையில் கடிகாரத்தோடு. அப்போதுதான் காட்சி உண்மையில் எவ்வளவு நீளம் என்று தெரியும். மேலே உள்ளது பத்துப் பன்னிரண்டு வரிதான், ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும்.

களத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. கடைசி வசனத்துக்குப் பிறகு மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் ‘கட்’. நடிகருக்கு அது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் முகத்தில் வந்தால் அதுவும் நமக்கு வேண்டியதே. கிளம்பும் முன் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் தறிச் சத்தம் விடாது. அதோடு மல்லுக்கட்டாதீர்கள். தறி ஓடிக்கொண்டே இருக்கும்போது மனிதர் மட்டும் நின்றால் மௌனம் இன்னும் கனமாகும். ஆனால் பேட்டியின் பாதியில் ஷிப்ட் முடிந்து தறி நின்றால் ஒட்டவே முடியாது. எனவே ஷிப்ட் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொங்குத் தமிழையே ஜோக்காக்குவது

‘ஏனுங்’ என்று இழுத்தால் சிரிப்பு வரும் என்று சினிமா பழக்கிவிட்டது. நம் ஆட்களே அதை எழுதுவதுதான் வருத்தம். ‘ங்க’ இங்கே மரியாதை மட்டுமல்ல, மறைந்துகொள்ள ஒரு சுவரும்கூட. ‘அவரு நல்லா வெளையாடுவாருங்க, பந்து வராத பக்கம்’ என்று கோபமே இல்லாமல் ஒரு கேப்டனைக் காலி பண்ணலாம். மரியாதை குறையாமல் இருக்கும்வரை மற்றவரால் சண்டை போட முடியாது. இரண்டு எதிரிகள் பேசும்போது ‘ங்க’ விழுந்து ‘நீ’ வரும் ஓர் இடம் உண்டு. படம் முழுக்க அது ஒரே ஒரு முறைதான் வர வேண்டும்.

பின்னணிக் குரலில் கிண்டல்

1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தன் பனோரமா நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் மரத்தில் இருந்து ஸ்பாகெட்டி அறுவடை செய்வதாகக் காட்டியது. ரிச்சர்ட் டிம்பிள்பி தன் வழக்கமான செய்திக் குரலில் பேசினார். நம்பியவர்கள், அந்த மரத்தை வளர்ப்பது எப்படி என்று போன் செய்து கேட்டார்கள். குரல் ஒரு முறை இளித்திருந்தால் போன் வந்திருக்காது. உங்கள் வர்ணனையும் விவசாய நிகழ்ச்சி மாதிரி இருக்கட்டும்.

நிமிடத்துக்கு ஒரு முறை லென்ஸைப் பார்ப்பது

சாட்சி தேவைப்படுகிறவர் மட்டும் பார்க்கட்டும்.

ஆட்டம் தெரியாமல் எழுதுவது

நம் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் பெரும்பாலும் எல்பிடபிள்யூ கிடையாது. அம்பயர் பேட்டிங் டீம் ஆள்தான். இந்த இரண்டு விஷயத்திலேயே பத்துக் காட்சி இருக்கிறது, ஆனால் ஸ்கிரிப்டில் டிவி மேட்ச் மாதிரி ரிவ்யூ கேட்கிறார்கள். மைதானத்துக்கும் இது பொருந்தும். கொறங்காட்டு ஓரம் ஆடினால் சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே போன பந்தை முள்ளுக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும். பந்து தொலைந்தால் ஆட்டம் நிற்கும், ஃபீல்டர்கள் எல்லாரும் வேலி ஓரம் குனிந்திருப்பார்கள். பிட்ச்சில் அம்பயரும் பேட்ஸ்மேன்கள் இரண்டு பேரும் மட்டும். மூவரும் ஒரே வீட்டு ஆட்கள், பேசிக்கொள்வதில்லை. கேமரா அங்கேயே இருக்கட்டும்.

கிளைமாக்ஸில் கப் வாங்குவது

வேண்டாம். தோற்பதும் வேண்டாம். எதிர் டீம் வராததால் ‘வாக் ஓவர்’ கிடைக்கட்டும், தலைவர் அதற்கும் வெற்றி உரை ஆற்றட்டும்.