கப்பிக் கொடி: கயிறு கட்டும் பக்கம்தான் முதலில் கழலும்

எங்கள் பால்கனியில், துணி காயப்போட்டுக் கயிற்றால் இழுத்துக் கூரைக்கு ஏற்றும் ஆறு குழாய் கொண்ட கப்பிக் கொடி மாட்டி இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில், துவைத்துப் போட்ட போர்வையில் வெள்ளைத் தூள் சிந்திக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால், பிராக்கெட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. கயிறுகளைக் கட்டும் கொக்கிக்கு நேர் மேலே இருந்த பிராக்கெட் அது. எதிர்ப்பக்கத்து பிராக்கெட் அசையவே இல்லை.

ஏன் அந்தப் பக்கம் மட்டும்? ஒரு குழாயை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. ஆளுக்குப் பாதி எடை. தூர முனையின் கயிறு அங்குள்ள கப்பியில் திரும்பி, கூரையை ஒட்டியே வந்து, கொக்கிப் பக்கத்துக் கப்பியிலும் ஏறித்தான் கீழே இறங்குகிறது. அதனால் கொக்கிப் பக்கத்து பிராக்கெட் தன் முனையின் பாதி எடையோடு, கொக்கிக்கு இறங்கும் இரண்டு கயிறுகளின் இழுவையையும் சேர்த்துச் சுமக்கிறது. கணக்குப் போட்டால், ஆறு குழாயிலும் தலா 3 கிலோ ஈரத்துணி என்றால் மொத்தம் 18 கிலோ. தூர பிராக்கெட்டுக்கு விழுவது 9 கிலோ. கொக்கிப் பக்கத்துக்கு 27 கிலோ. வெடுக்கென்று இழுத்தால் அதற்கும் மேலே.

அதிக எடை விழும் அந்தப் பக்கம்தான் உறுதியாக இருக்க வேண்டும். நான் செய்தது நேர்மாறு. கொக்கிப் பக்கம் ஓட்டை போடும்போது டிரில் ஓரிடத்தில் நின்றுவிட்டது, உள்ளே கம்பி. 'போதும், பிளக் பாதி இறங்குகிறதே' என்று அப்படியே முடுக்கிவிட்டேன். அந்த மாதிரி இடத்தில் அழுத்திப் பயனில்லை. மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் புதிய ஓட்டை போட வேண்டும், எதிர் பிராக்கெட்டையும் அதே அளவு நகர்த்த வேண்டும். அதனால் முதலில் கொக்கிப் பக்கத்து ஓட்டைகளை முடித்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த பக்கம் போக வேண்டும்.

அடுத்த ஏமாற்று, பூச்சு. கூரைக்கு அடியில் கண்ணுக்குத் தெரிவது கான்கிரீட் அல்ல, அதன் மேல் பூசிய சிமெண்டுப் பூச்சு. பெட்டியோடு வந்த 35 மி.மீ. திருகில் பிராக்கெட் தகடும் 12 மி.மீ. பூச்சும் போக, கான்கிரீட்டைப் பிடிப்பது 20 மி.மீ. அளவுதான். ஓட்டை போடும்போதே இது தெரிந்துவிடும். பூச்சில் பிட் வழுக்கிக்கொண்டு போகும். கான்கிரீட்டைத் தொட்டதும் வேகம் குறையும், சத்தம் மாறும். அந்த இடத்திலிருந்து ஆழத்தை எண்ணுங்கள். எவ்வளவு போக வேண்டுமோ அந்த அளவுக்கு பிட்டில் டேப் சுற்றிக்கொண்டால் தடுமாற்றம் இல்லை. கொக்கிப் பக்கத்துக்காவது பிளாஸ்டிக் பிளக்கை விட்டுவிட்டு இரும்பு ஆங்கர் போல்ட் போடுவது என் கட்சி. தொடர்ந்து கீழ்நோக்கி இழுபடும்போது பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நழுவும். தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் இடம், நீர்க்கசிவுக் கறை படிந்த இடம், ஃபால்ஸ் சீலிங் பலகை, இவை மூன்றும் வேண்டாம். விளக்குப் பாயிண்டுக்கு நேர்கோட்டிலும் துளைக்காதீர்கள். உள்ளே ஒயர் ஓடலாம்.

இரண்டு பிராக்கெட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் குழாயின் நீளத்தை வைத்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. குழாய் முனைகளில் கயிறு கட்டும் வளையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைத்தான் அளக்க வேண்டும். கயிறு செங்குத்தாக இல்லாமல் சாய்ந்தால், குழாய் கீழே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மேலே ஏற ஏறக் கயிறு கப்பியின் ஓரத்தில் உரசி, கடைசி அரை அடியில் சிக்கிக்கொள்ளும். சின்ன பால்கனியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். குழாயைத் தோளுயரத்துக்கு இறக்கினால் கதவு திறக்கிறதா, துணி கைப்பிடிக் கம்பியில் படுகிறதா? ஓட்டை போடும் முன் அதே நீளத்தில் ஒரு குச்சியைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு குழாயிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் மேலே ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள், அடியில் யாரும் போகாமல். காலையில் கொக்கிப் பக்கத்து பிராக்கெட்டின் விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். நுழையவில்லையென்றால் சரி. கூடவே கொக்கியையும் ஆட்டிப் பாருங்கள். மொத்த எடையும் அதை மேல்நோக்கித்தான் இழுக்கிறது.

கயிற்றின் மிச்சத்தை மட்டும் உடனே வெட்ட வேண்டாம். புது நைலான் கயிறு முதல் சில வாரங்களில் நீளும். தூர முனைக்குப் போகும் கயிறு நீளமானது என்பதால் கூடுதலாக நீண்டு, குழாய் அந்தப் பக்கம் சாயும். அப்போது முடிச்சை அவிழ்த்துச் சமன்செய்து, பிறகு வெட்டி, முனையைத் தீயில் லேசாக உருக்கிவிடலாம்.