ஏசி ஒப்பீட்டில் ஒழுகிப் போகும் காபன்: அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பக்கம் கடற்காற்று நேரே அடிக்கும் இடத்தில் ஒரு மூன்று மாடி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்ட வேண்டிய பரப்பு 1200 சதுர மீற்றர், தேவைப்படும் குளிரூட்டல் 150 கிலோவாற்று. காபன் அறிக்கையின் வரைவோடு வந்த தம்பி இரண்டு தெரிவுகளை ஒப்பிட்டிருந்தார். ஒன்று, மூன்று பெரிய அவுட்டோர் யூனிற்றுகளோடு கட்டடம் முழுக்கச் செப்புக் குழாய் ஓடும் வி.ஆர்.எஃப். மற்றது, 42 சாதாரண இன்வேட்டர் ஸ்பிளிற் ஏசிகள்.

அவருடைய கணக்கு இப்படி இருந்தது. வி.ஆர்.எஃப் ஆண்டுக்கு 46,000 மின் அலகு எடுக்கும், ஸ்பிளிற் 53,000. மின்வலைக் காரணியை ஓர் அலகுக்கு 0.5 கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்து, 60 ஆண்டுக்குப் பெருக்கினால் இயக்கக் காபன் முறையே 1380 தொன், 1590 தொன். பொருளுக்குள் அடங்கிய காபன் ஒரு முறை பொருத்த 20 தொன், 15 தொன். வி.ஆர்.எஃப் 15 ஆண்டு உழைக்கும் என்று 60 ஆண்டில் நாலு தடவை, ஸ்பிளிற் 10 ஆண்டு என்று ஆறு தடவை. மொத்தம் 1460க்கு 1680. வி.ஆர்.எஃப் 220 தொன்னால் வெற்றி. பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் முடிவு தலைகீழ்.

முதல் குறை, ஏசிக்குள் ஓடும் குளிரூட்டும் காஸ். இயக்கக் காபன் என்றால் மின்சாரப் பட்டியல் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். காஸ் எங்கே என்று தம்பியிடம் கேட்டேன். "அண்ணை, காஸ் குறைஞ்சால் நிரப்புறதுதானே, அதிலை என்ன காபன்?" என்றார். நிரப்ப வேண்டி வந்தது எங்கேயோ போனதால்தானே! ஐரோப்பிய நியமமான இ.என். 15978 கட்டடத்தின் வாழ்நாளைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. மின்சாரம் பி6இல் வரும். ஒழுகும் காஸ் பி1இல் வரும். அது வேறு பெட்டி என்பதால்தான் கண்ணிலிருந்து தப்புகிறது.

இந்த வி.ஆர்.எஃப்பில் குழாய்களோடு சேர்த்து 60 கிலோ ஆர்-410ஏ காஸ் இருக்கிறது. புவியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோ 2088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். தளத்தில் பற்றாசு வைத்த மூட்டுகள் நிறைய இருப்பதால் ஆண்டுக்கு 5 வீதம் ஒழுகும் என்று எடுத்தால் 3 கிலோ, அதாவது ஏறக்குறைய 6.3 தொன். ஸ்பிளிற்றுகளில் மொத்தம் 38 கிலோ ஆர்-32. ஒரு கிலோவுக்கு 675. குழாய் குறுகியது, மூட்டு குறைவு. 2 வீதம் என்றால் ஆண்டுக்கு அரைத் தொன். ஒழுகும் வீதங்கள் என் அனுமானம்தான், ஆனால் எந்த அறிக்கையிலும் அவை அனுமானமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 60 ஆண்டில் முதலாவதுக்கு 376 தொன் கூடுகிறது, இரண்டாவதுக்கு 31. இப்போது 1836க்கு 1711. ஸ்பிளிற் முன்னுக்கு வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அறிக்கையின் பயன்பாட்டுக் காலக் காபனை எடுத்து, மின் அலகையும் மின்வலைக் காரணியையும் பெருக்கிப் பாருங்கள். மிச்சமில்லாமல் ஒத்துப்போனால் காஸ் அதில் இல்லை.

எதிர்ப்புறத்துத் தவறும் நடக்கிறது. உற்பத்தியாளரின் சுற்றாடல் அறிக்கை கிடைக்காத இயந்திரத்துக்கு, பிரித்தானியக் கட்டடச் சேவைப் பொறியியலாளர் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ரி.எம். 65 முறையைப் பாவிப்போம். அதன் மொத்த எண்ணுக்குள் காஸ் ஒழுக்கும் அடங்கியிருக்கும். அதை "உள்ளடங்கியது" என்று போட்டுவிட்டு, பி1இல் திரும்பவும் காஸ் எழுதினால் ஒரே காஸ் இரண்டு தடவை ஒழுகும்.

வாழ்நாள் முடிவையும் மறக்கக் கூடாது. பழைய இயந்திரத்தைக் கழற்றும்போது குழாயை வெட்டிக் காஸை வெளியே விட்டால் 60 கிலோ ஆர்-410ஏ ஒரே நாளில் 125 தொன். அந்த இயந்திரத்தைச் செய்து பொருத்திய காபனைப் போல ஆறு மடங்குக்கு மேல். "99 வீதம் மீட்கப்படும்" என்று அறிக்கையில் எழுதுவது சுலபம். மீட்கும் இயந்திரமும் சிலிண்டரும் கொண்டு யார் வருவார் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

அடுத்தது வாழ்நாள். வி.ஆர்.எஃப்புக்கு 15 ஆண்டு கற்றலொக்கிலிருந்து வந்தது, ஸ்பிளிற்றுக்கு 10 ஆண்டு ஊர் அனுபவத்திலிருந்து. இரண்டும் நிற்கப் போவது ஒரே மொட்டை மாடியில். சோளகம் அடிக்கும் மாதங்களில் உப்பு படிந்து அலுமினியத் தகடுகள் பொடிப்பொடியாக உதிர்வதை இங்கே யாரும் பார்த்திருப்பார்கள். உப்புக்குத் தாங்கும் பூச்சு உள்ள மாதிரியை ஒன்றுக்கு எடுத்தால் மற்றதுக்கும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் 10 ஆண்டு வைத்தால் வி.ஆர்.எஃப்பின் உள்ளடங்கிய காபன் 80இலிருந்து 120 தொன்னாகிறது. குழாய் மாறாமல் இருந்தால் அதைக் கழிக்கலாம். ஆனால் காஸ் வகை மாறினால் பழைய குழாய் பொருந்துமா என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

சேவையும் சமமாக இருக்க வேண்டும். வி.ஆர்.எஃப் வரைபடத்தில் வெளிக்காற்று கொண்டுவரும் விசிறி இருந்தது, ஸ்பிளிற் வரைபடத்தில் இல்லை. ஸ்பிளிற் அறைக்காற்றையே சுழற்றும். அதே விசிறியை இரண்டிலும் போட்டுவிட்டுத்தான் மேலே சொன்ன மின் அலகுகளை எடுத்தோம். கூரைச் சூரியத் தகடு இரண்டுக்கும் பொதுவென்றால் ஒப்பீட்டில் அது வரவே தேவையில்லை. ஒன்றின் மின்சாரத்தில் மட்டும் அதைக் கழித்த அறிக்கையும் பார்த்திருக்கிறேன்.

இனி மின்வலைக் காரணி. 0.5 என்பது கணக்குக்காக எடுத்த எண். அறிக்கைக்கு நிலைபெறுதகு வலு அதிகாரசபை வெளியிடும் சராசரிக் காரணியைப் பாருங்கள். அதே இடத்தில் காபன் வரவுத் திட்டங்களுக்கான வேறு காரணிகளும் இருக்கும், மாறி எடுத்துவிடக் கூடாது. சுன்னாகத்தில் டீசல் நிலையம் இருக்கிறது என்பதற்காக யாழ்ப்பாணத்துக்குத் தனியே டீசல் காரணி போடுவதும் சரியில்லை. நாங்கள் தேசிய வலையில்தான் இருக்கிறோம். அந்த வலையில் நீர்மின் பங்கு பெரிது, மழை பிழைத்த ஆண்டில் காரணி ஏறும். ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை 60 ஆண்டுக்கு நீட்டுவதை விட, எந்தக் காரணியில் முடிவு மாறும் என்று கணக்கிடுவது பயன் தரும்.

வி.ஆர்.எஃப் ஆண்டுக்கு 7000 அலகு மிச்சம் பிடிக்கிறது. காஸில் 5.75 தொன் கூட விடுகிறது. உள்ளடங்கிய காபனை ஒரு பக்கம் வைத்துவிட்டு 5750ஐ 7000ஆல் வகுத்தால் 0.82. மின்வலை அதைவிட அழுக்காக இருந்தால்தான் இந்த வி.ஆர்.எஃப் வெல்லும். வலை துப்புரவாகத் துப்புரவாக மிச்சம் பிடித்த மின்சாரத்தின் மதிப்பு குறையும், ஒழுகிய காஸின் மதிப்பு குறையாது.

சரி, அப்படியென்றால் வி.ஆர்.எஃப் கூடாதா? இதுதான் கடைசித் தவறு: முறைமையைக் குற்றம் சொல்வது. அதே வி.ஆர்.எஃப்பை 45 கிலோ ஆர்-32இல் எடுத்தால், 5 வீதத்தில் ஆண்டுக்கு 1.5 தொன்தான் ஒழுகும். ஸ்பிளிற்றை விட ஒரு தொன் கூடுதல். எதிர்ப்பக்கத்தில் 0.5 காரணியில் மின்சாரத்தில் 3.5 தொன் மிச்சம். முடிவு மாறும் காரணி 0.14க்கு இறங்கிவிடுகிறது, வி.ஆர்.எஃப் திரும்பவும் முன்னுக்கு. ஆனால் ஆர்-32 குறைந்த அளவில் தீப்பற்றக்கூடிய வகை. சிறிய அறைக்குள் ஒரு குழாய் உடைந்து முழுக் காஸும் இறங்கினால் எவ்வளவு சேரும் என்ற வரம்பைப் பார்க்காமல் அந்தத் தெரிவை அறிக்கையில் எழுத முடியாது. தம்பியிடம் வரைவைத் திருப்பிக் கொடுத்தபோது மூன்றாவது நிரலாக அதைச் சேர்க்கச் சொன்னேன், ஒவ்வோர் அறையின் கனவளவோடு.