ரிச் கேக்: முட்டைக் கணக்கில் விடும் பிழைகள்

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் ரிச் கேக் அடிக்கிற வேலை தொடங்கிவிடும். நத்தாருக்கு அடிப்பவர்கள் ஒரு பக்கம், தை மாசக் கலியாணங்களுக்கு அடிப்பவர்கள் இன்னொரு பக்கம். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள், அந்த இடம் முட்டை. அவணை முன்கூட்டிச் சூடாக்குங்கள், தட்டுக்குக் கடதாசி போடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

பேச்சு முழுக்க இலங்கை ரிச் கேக்கைப் பற்றியது. கோதுமை மாவுக்குப் பதில் ரவை, பொடியாக வெட்டிய கஜு, முந்திரிகை வற்றல், செரி, பூசணித் தோசி, இஞ்சித் தோசி, பன்னீர், தேன், கொஞ்சம் பிரண்டி. மாவு கேக்குக்குப் பழகிய முட்டைக் கணக்கை இதற்குக் கொண்டு வந்தால் சரிவராது. நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 350 கிராம், மஞ்சள்கரு 12, வெள்ளைக்கரு 4, பழமும் கஜுவும் தோசியும் சேர்த்து ஒன்றேகால் கிலோ அளவில். வீட்டுக்கு வீடு கொஞ்சம் கூடிக் குறையும். ஆனால் மஞ்சள்கரு நிறைய, வெள்ளைக்கரு கொஞ்சம் என்ற அமைப்பு மட்டும் எந்தக் கொப்பியைத் திறந்தாலும் மாறாது.

மிஞ்சிய வெள்ளைக்கருவையும் கேக்கில் ஊற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருகிற பிழை இது. காசும் கரைந்து, மானமும் போகிற பிழை.

பன்னிரண்டு முட்டை உடைத்து நாலு வெள்ளைக்கருவை மட்டும் எடுத்தால், மிச்சம் எட்டும் ஒரு கோப்பையில் இருந்து நம்மையே பார்க்கும். முட்டை விற்கிற விலையில் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஆருக்கும் மனம் வராது. "என்னத்துக்கு அக்கா எறியிறது, பாவமெல்லே? இதையும் விட்டால் கேக் இன்னும் ஈரமா வரும்" என்று பழக வந்த ஒரு பிள்ளை கேட்டாள். வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். வீட்டில் மாமியார் முன்னால் எட்டு வெள்ளைக்கருவை ஒதுக்கிவைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. தங்கையின் கலியாணக் கேக்குக்கு முழுவதையும் அடித்துக் கலந்துவிட்டாள்.

எட்டு வெள்ளைக்கரு என்றால் எவ்வளவு என்று ஒருக்கால் நிறுத்துப் பாருங்கள். ஒன்று ஏறக்குறைய 30 கிராம், ஆக 240 கிராம். ரவையின் எடையே 250 தான். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் ஏறக்குறைய எல்லாம் புரதம், கொழுப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மஞ்சள்கரு அப்படியில்லை. அதில் பாதிதான் தண்ணீர், முப்பது வீதத்துக்குக் கிட்ட கொழுப்பு. என் அளவில் முட்டையிலிருந்து கேக்குக்குப் போகிற தண்ணீர் 200 கிராம் சொச்சம். எட்டையும் ஊற்றினால் அது 400ஐத் தாண்டுகிறது. கொழுப்போ சீனியோ ஒரு கரண்டிகூடக் கூடவில்லை.

தண்ணீர் கூடினால் கேக் ஈரமாகத்தானே வரவேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணீரோடு 25 கிராம் அளவில் புரதமும் வருகிறது. வெள்ளைக்கருப் புரதம் சூட்டில் இறுகி வலை மாதிரிப் பின்னிக்கொள்ளும். இந்தக் கேக் 150 பாகையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகிறது. அவ்வளவு நேரம் சூடு பட்டால் வலை மேலும் மேலும் இறுகி, பிடித்துவைத்த தண்ணீரையே வெளியே பிழிந்துவிடும். அதனால்தான் அப்படிப்பட்ட கேக் ஒரே நேரத்தில் சொதசொதப்பாகவும் றப்பர் மாதிரியும் இருக்கும். மஞ்சள்கரு கூடினால் அதன் கொழுப்பு இந்த வலைக்கு நடுவே புகுந்து அதை இறுக விடாது. அதோடு அதில் உள்ள லெசித்தின் பட்டரையும் தண்ணீரையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடிக்கும். வாயில் வைத்ததும் கரைகிற அந்த ஈரப்பதம் பெரும்பாலும் கொழுப்பும் சீனிப்பாகும் தருவது, வெறும் தண்ணீர் தருவதில்லை.

வைத்திருந்து சாப்பிடுகிற விஷயம் இன்னும் மோசம். ரிச் கேக் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதில் உள்ள தண்ணீரைச் சீனியும் பழமும் தோசியும் பிடித்து வைத்திருப்பது. பூஞ்சணத்துக்குக் குடிக்கத் தண்ணீர் மிஞ்சுவதில்லை. தேன் போத்தலில் கிடந்தபடியே கிடக்கும், தண்ணீர் கலந்த தேன் கொஞ்ச நாளில் புளிக்கும். அதே கதைதான் கேக்குக்குள்ளும் நடக்கிறது. வேகும்போது கொஞ்சம் ஆவியாகப் போகும், உண்மை. ஆனால் தடித்த கேக்கின் நடுவில் இருந்து அது அவ்வளவு சுலபமாகப் போகாது.

சரி, அந்தப் பிள்ளையின் கேக் என்ன ஆனது? பழத்தைக் கலக்கும்போதே கலவை கரண்டியில் இருந்து வழிந்ததாம். நல்ல கலவை அப்படி இராது, மரக்கரண்டியைத் திருப்பக் கை வலிக்கும், நடுவில் குத்திவிட்டால் கரண்டி சாய யோசிக்கும். தட்டில் ஊற்றியதும் கஜுவும் செரியும் அடியில் போய்ப் படுத்துவிட்டன. வழக்கமான நேரத்தில் நடு வேகவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் விட்டாள், அதற்குள் ஓரமெல்லாம் காய்ந்து கறுத்துவிட்டது. வெட்டினால் அடியில் விரல் தடிப்பில் வெளிறிய, வழவழப்பான ஒரு பட்டை. அதற்கு மேலே பழமே இல்லாத, ஓட்டை ஓட்டையான பகுதி.

அதையும் வீணாக்க மனமில்லாமல் சிறு துண்டுகளாக வெட்டி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, பெட்டிகளில் போட்டு வைத்தார்கள். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். கடதாசியின் உட்பக்கம் வியர்த்திருந்தது. துண்டை முகர்ந்தால் வாசத்துக்கு அடியில் ஒரு புளிப்பு. கடதாசி மடிந்திருந்த மூலையில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம், அதன் நடுவில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு துண்டில் அப்படித் தெரிந்தால் அந்தத் தட்டில் வெந்த மற்றத் துண்டுகளையும் கொடுக்க ஏலாது. சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம் என்பது இங்கே சரிவராது. இரண்டு கிலோ கேக்கின் பட்டர், கஜு, செரி விலையைக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் எட்டு வெள்ளைக்கருவின் விலையையும் பாருங்கள்.

மிஞ்சிய வெள்ளைக்கருவுக்கு வேறு வழி இருக்கிறது. மூடி போட்ட டப்பாவில் விட்டு உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், எத்தனை என்று டப்பாவில் எழுதிவையுங்கள். மெரிங்கு சுடலாம். இரண்டு முழு முட்டையோடு சேர்த்து வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பொரித்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

எண்ணுவது, நிறுக்காமல்

அம்மம்மாவின் கொப்பியில் "ஒரு இறாத்தல் ரவைக்கு 25 மஞ்சள்கரு" என்று இருக்கும். அது ஊர்க்கோழி முட்டை. அதன் மஞ்சள்கரு சின்னது. இப்போது கடையில் வாங்குகிற பெரிய முட்டையில் மஞ்சள்கரு 17, 18 கிராம் வரும், சின்ன முட்டையில் 13ஐத் தாண்டாது. பன்னிரண்டு என்று எண்ணினால் ஒருவருக்கு 150 கிராம் போகும், இன்னொருவருக்கு 210. 250 கிராம் ரவைக்கு 200 கிராம் மஞ்சள்கரு, 120 கிராம் வெள்ளைக்கரு என்று தராசில் வைத்து நிறுங்கள்.

முட்டையைக் குறைத்துப் பாலை ஊற்றுவது

2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டி வந்த காலத்தில் பலர் மஞ்சள்கருவைப் பாதியாக்கினார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் அப்படியே ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டைப் பத்தாகக் குறைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆறாகக் குறைத்தால் தெரியும். ரவை தண்ணீரை மெதுவாக, நாட்கணக்கில் குடிக்கிற சாமான். முட்டையில் இருந்து கிடைக்காவிட்டால் பழத்திலும் தோசியிலும் இருந்து உறிஞ்சும். முதல் நாள் பரவாயில்லை போல இருக்கிற கேக், ஒரு கிழமையில் கத்தி பட்டதும் உதிரும், பல்லில் ரவை நறநறக்கும்.

அதைச் சமாளிக்கப் பால் ஊற்றினால் தண்ணீர்தான் திரும்ப வருகிறது, மஞ்சள்கருவின் கொழுப்பும் பிடிப்பும் வருவதில்லை. வைத்திருக்கும் காலமும் குறையும். முட்டை கட்டுப்படியாகாவிட்டால் முழு அளவையும் பாதியாக்கிச் சின்னத் தட்டில் சுடுங்கள்.

ஈர்க்கு சுத்தமாக வரும்வரை சுடுவது

மாவு கேக்குக்குத்தான் அந்தச் சோதனை. இவ்வளவு மஞ்சள்கருவும் தோசியும் உள்ள கேக்கில் குத்திய ஈர்க்கு பளிச்சென்று வந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள் என்று அர்த்தம். எண்ணெய்ப்பசையோடு இரண்டொரு துகள் ஒட்டி வரவேண்டும், பச்சைக் கலவை மட்டும் ஒட்டக் கூடாது. மேலே கைவைத்து அமத்தினால் நடு குழியாமல் நிற்கவேண்டும். சந்தேகம் என்றால் வெப்பமானியை நடுவில் குத்துங்கள், 95 பாகையைத் தொட்டால் இறக்கலாம்.

நாலு வெள்ளைக்கருவை முறுக்கி அடிப்பது

மென்மையாக நுனி வளைகிற பதம் போதும். அதற்கு மேல் அடித்தால் கனமான கலவையில் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும், வெட்டும்போது வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

குளிர்ந்த முட்டை

பட்டர் திரையும். ஒரு மணி நேரம் முன்னே வெளியே எடுத்து வையுங்கள்.

பிரண்டி காப்பாற்றும் என்ற நம்பிக்கை

காப்பாற்றாது. பழம் ஊறவும் வாசத்துக்கும் அது நல்லது, மேல்பக்கம் பூசினால் மேல்பக்கத்துக்குக் கொஞ்சக் காவல். அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நடுவில் தண்ணீர் கூடிய கேக்குக்குப் பிரண்டியை ஊற்ற ஊற்ற இன்னும் சொதசொதக்குமே தவிர, உள்ளே இருக்கும் தண்ணீர் எங்கும் போகாது. அளவு சரியான கேக்குக்கு, ஆறியபின் இரண்டு மேசைக்கரண்டி பூசி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும். இரண்டு மூன்று கிழமை கழித்து வெட்டுங்கள், அதற்குள் ரவை குடிக்கவேண்டியதைக் குடித்து முடித்திருக்கும்.